கோணல் மூக்குக் கொத்தளம்

என்னோடு ஒரு புது வீட்டுக்குப் போக என் கணவருக்குக் கூச்சம். கேற்றடியில் நின்று, வருகிறவரை உள்ளே இருப்பவர் எங்கிருந்து பார்க்கலாம், கதவுக்கு முன்னால் ஓடி வர இடம் இருக்கிறதா, வளைவு எங்கே என்று பார்க்காமல் எனக்குக் கால் நகராது. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையில் எழும் தொடர்மாடிகளுக்கெல்லாம் நான் மனதுக்குள் புள்ளி போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றும் பத்துக்கு நாலைத் தாண்டவில்லை. காவல்காரரின் கூண்டை வாயிலுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். அவர் எட்டிப் பார்ப்பதற்குள் வந்தவர் லிப்டுக்குள் ஏறிவிடுவார்.

இது தொழிலால் வந்த பழக்கம். பழைய கட்டடங்களைப் பேணும் வேலையில் இருப்பவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் நடக்கும் ஒரு டிப்ளோமா வகுப்பில், படைக்கட்டடக்கலை என்ற பாடத்தை நான் எடுக்கிறேன். காலி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு மேல்மாடி மண்டபம். கரையோர ரயில் போகும்போது கரும்பலகை நடுங்கும். வருகிறவர்கள் பன்னிரண்டு பேர். எல்லாரும் வேலை செய்கிறவர்கள், வரைஞர்கள், மேற்பார்வையாளர்கள். கிழமை முழுக்க உழைத்துவிட்டு வந்து உட்காருகிறவர்களுக்குக் கொட்டாவி வராமல் பாடம் சொல்ல வேண்டுமே என்று நான் சமையலறைச் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு போவேன்.

முதலில் மலைக்கோட்டை. அங்கே பாதி வேலையை மலையே செய்துவிடுகிறது. மதில் பாறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அது போகிற போக்கில் போகும், கணக்கெல்லாம் அதற்கு அவசியமில்லை. மனிதர் ஏறக்கூடிய இடம் ஒன்றிரண்டுதான் இருக்கும், ஆகவே மூளை முழுவதையும் வாயிலில் போடுவார்கள். யாப்பகூவாவின் செங்குத்தான படிகளில் ஏறியவர்களுக்குத் தெரியும், மேலே போய்ச் சேரும்போது சண்டை போடவா, தண்ணீர் கேட்கவா என்று இருக்கும். செஞ்சியில் பாதை நேரே கதவுக்குப் போகாது. மதிலுக்குள் புகுந்து, திரும்பி, மறுபடி திரும்பித்தான் அடுத்த கதவு. யானையோ தூலமோ கதவை மோத வேண்டுமென்றால் ஓடி வர இடம் வேண்டும், அந்த இடத்தைத்தான் அந்தத் திருப்பம் பறித்துவிடுகிறது. முடிந்தால் பாதையை மதில் வலப்பக்கமாக இருக்கும்படி ஏற்றுவார்கள். ஏறி வருகிறவனுக்குக் கேடயம் இடக்கையில் இருக்கும், வலப்பக்கம் வெறும் உடம்பு.

கரைக்கோட்டைக்கு அந்த வசதி கிடையாது. தட்டை நிலம், எதிரே கப்பலும் பீரங்கியும். உயரமான மதில் பீரங்கிக்கு நல்ல இலக்கு என்பதால் மதிலைத் தாழ்த்தி, தடிப்பாக்கி, உள்ளே மண் நிரப்பி, முன்னால் அகழி வெட்டினார்கள். மூலையில் முன்பெல்லாம் வட்டக் கோபுரம் வைத்தார்கள். இதற்குத்தான் என் பையிலிருந்து இரண்டு எவர்சில்வர் டம்ளர் வெளியே வரும். இரண்டையும் மேசையில் நிறுத்தி, ஒன்றிலிருந்து மற்றதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போகும்படி நூல் இழுப்பேன். மறுபக்கத்து மூலையில் இன்னொரு டம்ளர் இருப்பதாக வைத்து, அங்கிருந்தும் அப்படியே. டம்ளருக்கு முன்னால், இரண்டு நூலுக்கும் உள்ளே, ஒரு சின்ன முக்கோணம் மிஞ்சும். அங்கே எதிரி வந்து குந்தி மதிலைத் தோண்டினால் எந்தக் கோபுரத்திலிருந்தும் அவனைச் சுட முடியாது. அந்த முக்கோணத்தையே கல்லாலும் மண்ணாலும் நிரப்பிவிடுங்கள் என்பேன். வட்டம் போய்க் கூர் வரும். அதுதான் கொத்தளம்.

அதன் உறுப்புகளுக்கு எங்கள் வகுப்பில் எங்கள் பெயர்கள்தான். வெளியே நீட்டிய நுனி மூக்கு. மூக்கின் இரு பக்கமும் கன்னங்கள். கன்னம் முடிந்து மதிலுக்குத் திரும்பும் குட்டைச் சுவர் விலா. பீரங்கி அந்த விலாவில்தான் நிற்கும், நேரே எதிரியைப் பார்க்காது, மதிலுக்குக் குறுக்கே பக்கத்துக் கொத்தளத்தின் கன்னத்தைப் பார்க்கும். எந்தக் கொத்தளமும் தன் கன்னத்தைத் தானே பார்க்க முடியாது. அதைப் பக்கத்துக் கொத்தளம்தான் காக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் இந்த வசனத்தை நான் மூன்று தரம் சொல்வேன். சொல்லிவிட்டு, ஒரு கோட்டைப் படம் சரியா பிழையா என்று அறிய வேண்டுமானால் பக்கத்து விலாவில் போய் நின்று பாருங்கள் என்பேன். சொல்வது எனக்கு மிகவும் சுலபமாக இருந்தது.

போன வருட வகுப்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பத்துநாலு வயது. ஒரு அலுவலகத்தில் பதினைந்து வருடமாகத் தற்காலிக வரைஞர். துறைமுகப் பக்கத்துப் பழைய கட்டடங்களை அளந்து வரைவதுதான் வேலை. பழைய கட்டடங்களுக்கென்று ஒரு நிரந்தரப் பதவி வந்திருந்தது. அதற்கு இந்த டிப்ளோமா வேண்டும், வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். இந்த முறை தவறினால் அவ்வளவுதான், அடுத்த முறை விண்ணப்பப் படிவத்தைத் தொடவும் முடியாது. இதையெல்லாம் அவர் என்னிடம் முறையிடவில்லை. சேர்க்கைப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் இரண்டு வரியில் எழுதியிருந்தார்.

பாடத்தில் பாதிப் புள்ளி அளவைப் படத்துக்கு. மேற்குக் கரையில் உள்ள ஒரு சின்னக் கோட்டைக்குப் போய், நாலு கொத்தளத்தில் ஒன்றை அளந்து வரைய வேண்டும். கோட்டையின் பெயரை எழுதவில்லை, உள்ளே இப்போது கோப்பும் மேசையுமாக ஒரு கந்தோர் நடக்கிறது, அனுமதி தந்த நல்ல மனிதர்களுக்குத் தொந்தரவு வேண்டாம். அந்தக் கோட்டையின் முழுப் படம் எங்கள் கைந்நூலில் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் நான் அளந்து வரைந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நாலு மூலையிலும் நாலு கொத்தளம், கோலம் போட்டாற்போல.

அவர் கொண்டு வந்த படத்தில் மூக்குக் கோணலாக இருந்தது. வாயில் பக்கத்துக் கன்னம் ஐம்பது அடி, மற்றக் கன்னம் ஐம்பத்துமூன்று. மூக்கு நுனி வாயிலுக்கு முன்னால் உள்ள வெளியை நோக்கிக் கொஞ்சம் கூடுதலாக நீண்டிருந்தது. போதாக்குறைக்கு, அழிக்காமல் விட்ட ஒரு மெல்லிய பென்சில் கோடு வாயில் பக்கத்துக் கன்னத்தின் நேரே தாளின் ஓரம்வரை ஓடிக் கிடந்தது. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அளவு பிழை, மறுபடி அளக்கவும் என்று எழுதினேன். படம் துப்புரவில்லை என்று இரண்டு புள்ளியும் வெட்டினேன்.

அவர் அடுத்த கிழமை ஒரு நாள் லீவு போட்டு, பஸ் ஏறி, தனியாகப் போய் அளந்துகொண்டு வந்தார். அதே ஐம்பது, அதே ஐம்பத்துமூன்று, அதே பென்சில் கோடு. எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் கோபம் அப்பத்தின் ஓரம் போல, சட்டென்று கருகிவிடும். மதிலடியில் அளக்கிற தேப்பைத் தொய்யவிட்டு அளந்தால் இப்படித்தான் வரும், கைந்நூலில் படம் இருக்கிறதே, ஒரு தரம் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாதா என்று பன்னிரண்டு பேருக்கு முன்னால் கேட்டுவிட்டேன்.

"பார்த்தேன் மிஸ். உங்க படத்துல நேரா இருக்கு. அங்க கோணலாத்தான் இருக்கு," என்றார்.

குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கைந்நூலின்படி திருத்தினால் புள்ளி தரலாம், இல்லாவிட்டால் இல்லை என்று சொன்னேன். அவர் திருத்த மாட்டேன் என்று சொல்லவில்லை, தாளைச் சுருட்டி என் மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். புள்ளித்தாள் அடுத்த வெள்ளிக்கிழமை போக வேண்டும். அவருடைய பெயருக்கு நேரே சித்தி இல்லை, அதாவது தேறவில்லை, என்று பென்சிலால் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் இடியப்பமும் சொதியும். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் அந்தப் படத்தை விரித்து வைத்து, என் கணவருக்கு எல்லாக் கதையும் சொன்னேன். இந்தக் காலத்து ஆட்களுக்குத் தேப் பிடிக்கத் தெரியாது, நான் அந்தக் கொத்தளத்தைச் சுற்றிச் சுற்றி அளந்தவள் என்றேன். அவர் சொதியை ஊற்றிக்கொண்டே, இது வாயில் பக்கத்துக் கொத்தளம்தானே என்று கேட்டார். ஓம் என்றேன்.

"வாயில் பக்கம் நாங்கள் அளக்கவேயில்லையே. குளவி கலைச்சதெல்லே. எனக்குக் காதில குத்தினது மறந்திட்டீரோ?"

நான் மறந்துதான் போயிருந்தேன். அந்த நாளில் தேப்பின் மறுநுனியைப் பிடித்தது அவர்தான். கலியாணமாகிப் புதிது, நான் எங்கே அளக்கப் போனாலும் கூட வருவார். அந்தக் கொத்தளத்தின் வாயில் பக்கத்து விலாவில் ஒரு பெரிய குளவிக்கூடு. இவருடைய காது இட்லி போல வீங்கி, அளவையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி தேடி ஓடினோம். அதன் பிறகு?

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய அளவுக் குறிப்புக் கொப்பியைத் தேடி எடுத்தேன். இருந்தது. அரைக் கொத்தளம்தான் இருந்தது. ஒரு விலா, ஒரு கன்னம். மற்றப் பாதிக்கு ஓர் அம்புக்குறி போட்டு "இதேபோல்" என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற களவு இது. ஒரு பாதியை அளந்து, அதைக் கண்ணாடியில் பார்த்தாற்போல் மற்றப் பக்கத்துக்குத் திருப்பி வைப்பது. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு குறிப்பு: நுனிகள் சந்திக்கவில்லை, தேப் தொய்வு, இழுத்து ஒட்டினேன். கோட்டை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கிறது. நான்தான் அதன் மூக்கைப் பிடித்து நேராக்கிவிட்டிருக்கிறேன். அந்த ஒரு கொத்தளத்தைத்தான் நாலு மூலையிலும் பதித்திருந்தேன்.

வெட்கமென்றால் அப்படி ஒரு வெட்கம். ஆனாலும் என் புத்தி அடங்கவில்லை. அந்தப் பெண்ணின் படம்தான் சரியென்றாவது என்ன நிச்சயம், கோணலாக யார் கட்டுவார் என்று ஒரு மூலையில் முனகிக்கொண்டே இருந்தது. ஒரு வழிதான் இருந்தது. தையல் பெட்டியிலிருந்து நூலும் குண்டூசியும் எடுத்தேன்.

முதலில் என் படம். ஒரு கொத்தளத்தின் வாயில் பக்கத்துக் கன்னத்தில் நூலைப் படிய வைத்து, அப்படியே நேராக எதிர்க் கொத்தளம்வரை இழுத்தேன். நூல் எதிர் விலாவும் மதிலும் சேரும் மூலையில் போய் விழ வேண்டும். அப்போதுதான் விலாவில் எங்கே பீரங்கி வைத்தாலும் அந்தக் கன்னம் முழுதும் தெரியும். என் நூல் மூலையில் விழவில்லை, விலாவின் மேலே ஏறி நின்றது. இருபது அடி விலாவில் ஏழடி குருடு. இரண்டு பீரங்கி நிற்கும் இடத்தில் ஒன்றுக்குத்தான் கண் இருந்தது. அதுவும் எல்லாவற்றிலும் முக்கியமான வாயில் பக்கத்தில்.

பிறகு அவருடைய கொத்தளத்தை ஒரு மெல்லிய தாளில் பிரதியெடுத்து, அதே மதிலின் இரண்டு முனையிலும் வைத்தேன். நூலை இழுத்தேன். மூலையில், அந்த மூலையிலேயே, போய் விழுந்தது. என் கணவர் கையைக் கழுவாமலே வந்து குனிந்து பார்த்தார்.

காரணம் எவ்வளவு எளிது. வாயில் இருக்கும் பக்கத்து மதில் எண்பது அடி, மற்றப் பக்கத்து மதில் நூற்றிருபது. மதில் குறுகினால் கன்னத்தை இன்னும் சரிவாகத் திருப்பினால்தான் நூல் மூலைக்கு வரும். கட்டியவருக்கு அது தெரிந்திருந்தது, ஆகவே மூக்கைக் கோணலாக்கினார். மதில்களின் நீளத்தை, குளவி கலைக்கும் முன்பே, நானே அளந்து, என் கைந்நூலிலேயே எழுதியிருந்தேன். இருபது வருடமாக அந்தப் படத்தைக் காட்டி, பக்கத்து விலாவில் போய் நின்று பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், ஒரு நாளும் அங்கே போய் நிற்கவில்லை.

அடுத்த நாள் அந்தப் பெண்ணுக்குப் போன் எடுத்து, செவ்வாய்க்கிழமை என்னோடு கோட்டைக்கு வர முடியுமா என்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு லீவு போட்டு வந்தார். மூன்றாம் தரம் அளக்கச் சொல்லப் போகிறேன் என்றுதான் நினைத்திருப்பார், பஸ்ஸில் வழிநெடுகக் கொப்பியையும் தேப்பையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கோட்டைக் காவல்காரர் அவரைக் கண்டதும் "ஆயெத்த நங்கி?" என்று சிரித்தார். மறுபடியுமா தங்கச்சி என்று அவர் சிங்களத்தில் கேட்டது எனக்குச் சுருக்கென்றது.

குளவிக்கூடு இல்லை. மதிலின் மேல் நாங்கள் இருவரும் தேப்பை இறுக்கிப் பிடித்து அளந்தோம். பக்கங்களை மட்டும் அளந்தால் போதாது, மூலைக்கு மூலை குறுக்கேயும் அளந்து முக்கோணமாகப் பூட்டினால்தான் வடிவம் அசையாது. அவர் முதல் தரமே அப்படித்தான் அளந்திருந்தார் என்பதை அவருடைய கொப்பியில் பார்த்தேன். ஐம்பது. ஐம்பத்துமூன்று. எதிர்க் கொத்தளத்தையும் அளந்தோம். அங்கேயும் வாயில் பக்கத்துக் கன்னம் ஐம்பது. அப்படியானால் மேசனின் கைப்பிழை இல்லை, வேண்டுமென்று செய்தது.

பிறகு அவரை எதிர் விலாவில், மதிலோடு ஒட்டிய மூலையில் நிற்கச் சொல்லிவிட்டு, நான் வறண்ட அகழிக்குள் இறங்கி, மற்றக் கொத்தளத்தின் கன்னத்தை உரசிக்கொண்டு நடந்தேன். வயதுக்கு ஏற்ற வேலை இல்லை, புல்லுக்குள் ஒரு செருப்பும் போனது. மூக்கு நுனிவரை நடந்துவிட்டுத் திரும்பி, தெரிகிறேனா என்று கத்தினேன். கையை உயர்த்திக் காட்டினார். தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு இடத்திலும் நான் மறையவில்லையாம். அந்த வெயிலில், ஒற்றைச் செருப்போடு, எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் படம் பிழை என்பது அன்றைக்கு எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை. அந்தக் கோட்டை அவ்வளவு கெட்டித்தனமாகக் கட்டப்பட்டிருந்தது.

மேலே ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். குளவிக் கதை முழுவதையும் சொன்னேன். இப்போதுதான் நூல் வைத்துப் பார்த்தேன், உங்கள் மூக்கு ஏன் கோணல் என்று கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமையாகவும் சொன்னேன். அவர் தேப்பைச் சுற்றி முடித்தார்.

"அதுக்குத்தானே மிஸ் அந்தப் பென்சில் கோடு போட்டேன்," என்றார். "நீங்க சொன்ன மாதிரி இங்க நின்னு பார்த்தேன். முழுக்கத் தெரிஞ்சுது. அதான் கோட அழிக்காம விட்டேன். நீங்க பார்ப்பீங்கன்னு நினைச்சேன்."

நான் பார்த்தேன்தான். பார்த்து இரண்டு புள்ளி வெட்டினேன். ஏன் வாய் திறந்து சொல்லவில்லை என்று கேட்டேன். எல்லாருக்கும் முன்னால் உங்கள் படத்தைப் பிழை என்று எப்படிச் சொல்வது மிஸ் என்றார். நாற்பத்துநாலு வயது, கடைசி வாய்ப்பு, முழு வகுப்புக்கும் முன்னால் நான் ஏசிக்கொண்டு நிற்கிறேன், அவர் என் மானத்துக்குக் காவல் நின்றிருக்கிறார். கண் கலங்கிவிட்டது, வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வெள்ளிக்கிழமை புள்ளித்தாள் போனது. பென்சிலால் எழுதியதை அழித்துவிட்டு, மையால், வகுப்பிலேயே கூடிய புள்ளியை அவருக்குப் போட்டேன். வெட்டிய இரண்டையும் சேர்த்து. அடுத்த சனிக்கிழமை டம்ளர்களை வீட்டில் விட்டுவிட்டு, என் படத்தையும் அவருடைய படத்தையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, நூலை அவர் கையில் கொடுத்து நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் கொட்டாவி வரவில்லை. என் பிழை என்றதும் எல்லாருக்கும் எவ்வளவு உற்சாகம்.

பதவி அவருக்குக் கிடைத்தது. செய்தி சொல்ல ஒரு பின்னேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து கேக் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். என் கணவர் தன் காதைக் காட்டி, இந்தக் கோட்டைக்காக முதலில் இரத்தம் சிந்தியது தான்தான் என்று அவரிடம் அளந்துகொண்டிருந்தார். நான் கைந்நூலின் புதிய அச்சுப் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். முழுக் கோட்டைப் படமும் இந்த முறை அவருடையது, கீழே அளந்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயர் இருக்கிறது. அச்சகத்தில் அந்த நீண்ட மெல்லிய கோடு தவறுதலாக வந்ததென்று நினைத்து எடுத்துவிடப் பார்த்தார்கள். நான் நேரில் போய், அது இருக்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் பக்கத்தைத் திருப்பி, விரலால் கன்னத்திலிருந்து எதிர் விலாவின் மூலைவரை கோட்டோடு ஒரு தரம் போய்ப் பார்த்தார். பிறகு, இதை நான் ஒரு தரம் சரிபார்த்துச் சொல்லட்டா மிஸ் என்று கேட்டார். நான் தையல் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.